நேர்காணல்களிலிருந்து கருப்பொருள்: ஒரு முறையியல் பத்தியைப் பிரித்துப் பார்த்தல்

கேள்வி: அக்கா, நான் யாழ்ப்பாணத்தில் முதுமாணி ஆய்வு செய்கிறேன். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில் இருக்க, இங்கே தனியாக இருக்கும் வயதான பெற்றோரைப் பற்றியது. 12 பேரைச் சந்தித்து ஒலிப்பதிவு செய்துவிட்டேன். மேற்பார்வையாளர் ஒரு கட்டுரையைத் தந்து "முறையியலை இந்த மாதிரி எழுதும்" என்றார். அதிலுள்ள பத்தி இதுதான். ஒரு வரியும் விளங்கவில்லை. சாதாரணத் தமிழில் சொல்ல முடியுமா?

> "18 அரைக்கட்டமைப்பு நேர்காணல்கள் சொல்லுக்குச் சொல் எழுத்தாக்கப்பட்டு, பிரௌன், கிளார்க் (2006) ஆகியோரின் ஆறு கட்டக் கருப்பொருட் பகுப்பாய்வுக்கு உட்படுத்தப்பட்டன. தரவில் தோய்ந்தபின், தொகுத்தறி முறையில், வெளிப்படைப் பொருள், உள்ளுறைப் பொருள் ஆகிய இரு மட்டங்களிலும் ஆரம்பக் குறியீடுகள் இடப்பட்டன. குறியீடுகளிலிருந்து பெற்ற உத்தேசக் கருப்பொருள்கள் முழுத் தரவுத்தொகுதியுடனும் ஒப்பிட்டு மீளாய்வு செய்யப்பட்டன. இரண்டாவது குறியீட்டாளர் 20 வீதமான எழுத்துப்படிகளைச் சுயாதீனமாகக் குறியிட்டார் (κ = 0.78). தரவு நிறைவு எட்டப்படும்வரை நேர்காணல்கள் தொடர்ந்தன."

பதில்:

முதலில் முழுப் பத்தியையும் பேச்சுக்குக் கிட்டவாக மாற்றிச் சொல்கிறேன்:

"18 பேரிடம் பேசினோம். கேட்க வேண்டிய கேள்விகள் கையில் இருந்தன, ஆனால் பேச்சு போகும் பக்கம் நாங்களும் போனோம். அவர்கள் சொன்னதை அப்படியே எழுதினோம். பலமுறை வாசித்தோம். பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்தில், இங்கே என்ன நடக்கிறது என்று ஒரு சிறு குறிப்பு எழுதினோம். எந்தக் குறிப்புகளை எழுதுவது என்று முன்கூட்டியே பட்டியல் வைத்திருக்கவில்லை. சில குறிப்புகள் அவர்கள் வாயால் சொன்னதைப் பற்றியவை, சில சொல்லுக்குப் பின்னால் இருப்பதைப் பற்றியவை. ஒரே விஷயத்தைப் பேசும் குறிப்புகளைச் சேர்த்துச் சில பெரிய கருத்துகளை அமைத்தோம். அவை உண்மையில் பொருந்துகின்றனவா என்று எல்லா நேர்காணல்களையும் திரும்ப வாசித்துப் பார்த்தோம். இன்னொருவர் ஐந்தில் ஒரு பங்கு எழுத்துப்படிகளைத் தனியாகக் குறியிட்டார், எங்கள் இரண்டு பேரின் குறிகளும் பெரும்பாலும் ஒத்துப்போயின. புதிதாக ஒன்றும் வரவில்லை என்று தோன்றிய இடத்தில் நேர்காணலை நிறுத்தினோம்."

இவ்வளவுதான் விஷயம். ஆனால் கடைசி இரண்டு வசனங்களை நீங்கள் பின்பற்ற வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், நடுவில் உள்ள குறியீடும் கருப்பொருளும் கையால் எப்படிச் செய்யப்படுகின்றன என்பதைப் பார்ப்போம். ஆய்வின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

எழுத்தாக்கம். சொல்லுக்குச் சொல் என்றால், அந்த அம்மா "கதைப்பினம்" என்றால் நீங்களும் "கதைப்பினம்" என்றே எழுத வேண்டும், "பேசுவார்கள்" என்று திருத்தக் கூடாது. சிரிப்பு, நீண்ட மௌனம், வசனத்தைப் பாதியில் விட்டது எல்லாம் அடைப்புக்குள் வரட்டும். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத நாலு தொடக்கம் ஆறு மணி நேரம் போகும் என்பது பொதுவான கணக்கு, முதியவர்களின் குரல் தெளிவில்லாத இடங்களில் இன்னும் கூடும். ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதுபவர்களில் சிலர் எல்லாவற்றையும் முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத்தான் குறியிடத் தொடங்குகிறார்கள். அது வேண்டாம். தமிழ் எழுத்துப்படியிலேயே குறியிடுங்கள். கட்டுரையில் மேற்கோளாக வரப்போகும் துண்டுகளை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்தால் போதும். கீழே நான் தரும் துண்டில் வரும் "அவையாலை என்ன செய்ய ஏலும்" என்ற வரியில் இருக்கும் மன்னிப்பு, மொழிபெயர்ப்பில் ஒரு வெறும் கேள்வியாகச் சுருங்கிவிடும். பிறகு நீங்கள் அந்தச் சுருங்கிய வரியைத்தான் குறியிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

"தரவில் தோய்தல்" என்பது எழுதியதைக் குறைந்தது இரண்டு முறை, முடிந்தால் ஒருமுறை ஒலிப்பதிவைக் கேட்டபடி, பேனையைக் கீழே வைத்துவிட்டு வாசிப்பது. அதற்கு மேல் அதில் மறைபொருள் ஒன்றும் இல்லை.

குறியிடல். இதை விளக்க ஒரு துண்டு வேண்டும். உங்கள் பதிவுகள் அந்தரங்கமானவை என்பதால், உங்கள் தலைப்புக்கு ஏற்ற மாதிரி நானே ஒன்றை எழுதியிருக்கிறேன்:

> "பிள்ளையள் மூண்டு பேரும் வெளியிலை. காசுக்கு ஒரு குறையும் இல்லை, மாசம் பிறந்தா வந்திடும். ஒவ்வொரு நாளும் இரவு வட்ஸ்அப்பிலை கதைப்பினம். சாப்பிட்டாச்சோ, குளிசை போட்டாச்சோ எண்டு கேப்பினம். ஓம் எண்டு சொல்லுவன். முழங்கால் நோவைப் பற்றி ஒண்டும் சொல்லுறேல்லை. சொன்னா அங்கை இருந்து அவையாலை என்ன செய்ய ஏலும்? நித்திரை இல்லாமல் யோசிச்சுக்கொண்டிருப்பினம். (சிரிப்பு) பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடிச்சுத் தந்தது."

புதிதாகத் தொடங்குபவர்கள் பக்கத்தில் "பணம்", "தொலைபேசி", "நோய்", "அயலவர்" என்று எழுதுவார்கள். இவை பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாதம் கழித்து அந்தச் சொற்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், அந்த அம்மா பணத்தைப் பற்றி என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியாது. குறைப்பட்டாரா, பெருமைப்பட்டாரா? நல்ல குறியீட்டுக்கு இதுதான் சோதனை: எழுத்துப்படியை மூடிவிட்டுக் குறியீட்டை மட்டும் வாசித்தால், அங்கே என்ன சொல்லப்பட்டது என்று விளங்க வேண்டும்.

அந்தச் சோதனையை வைத்துக் குறியிட்டால் இப்படி வரும். முதல் இரண்டு வசனங்களுக்கு "முறைப்பாடு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவைத்தல்". அழைப்புப் பற்றிய வரிக்கு "தினமும் வரும் அழைப்பு சாப்பாடு, மருந்து விசாரிப்போடு நின்றுவிடுகிறது". அடுத்ததற்கு "நோவைப் பிள்ளைகளிடம் மறைத்தல்". கடைசி வரிக்கு "உடனிருந்து செய்யும் உதவி அயலிலிருந்து வருகிறது". இந்த நாலும் அவர் வாயால் சொன்னவற்றோடு ஒட்டி நிற்கின்றன. பத்தி "வெளிப்படைப் பொருள்" என்கிறதே, அது இதுதான்.

இனி "நித்திரை இல்லாமல் யோசிச்சுக்கொண்டிருப்பினம்" என்ற வரிக்கு வாருங்கள். பிள்ளைகள் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றுதான் மேலோட்டமாகப் பேச்சு போகிறது. ஆனால் இந்த வரியில் பார்த்துக்கொள்வது அம்மா. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் நித்திரையை, இங்கே இருந்துகொண்டு, தன் முழங்கால் நோவை விழுங்கிக் காப்பாற்றுகிறார். "பராமரிப்பின் திசை மாறியிருக்கிறது: தாய் இன்னமும் பிள்ளையைக் காக்கிறார்" என்று நான் அங்கே எழுதுவேன். அவர் அப்படி ஒரு வசனம் சொல்லவில்லை. அது என்னுடைய வாசிப்பு. "உள்ளுறைப் பொருள்" என்பது இது. இதில் ஒரு ஆபத்தும் உண்டு. எந்த வரியைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டால், விரல் வைத்துக் காட்ட ஒரு வரி இருக்க வேண்டும். காட்ட முடியாவிட்டால் அந்தக் குறியீடு உங்கள் மனதிலிருந்து வந்தது, எழுத்துப்படியிலிருந்து வரவில்லை. அந்தச் சிரிப்பை "மறைத்த துயரம்" என்று குறியிட எனக்கும் கை வரும். ஆனால் ஒரே ஒரு சிரிப்பை வைத்து நான் அப்படி எழுதமாட்டேன்.

"தொகுத்தறி முறை" என்றால் புத்தகத்தில் வாசித்த கோட்பாட்டிலிருந்து குறியீட்டுப் பட்டியலை எடுத்துவராமல், எழுத்துப்படியிலிருந்து தொடங்குவது. அதற்காக நீங்கள் வெறும் மனதோடு வாசிக்கிறீர்கள் என்று யாரும் நம்பப்போவதில்லை. உங்கள் வீட்டிலும் வெளிநாட்டில் யாராவது இருந்தால், அது நீங்கள் எதைக் கவனிக்கிறீர்கள் என்பதை மாற்றும். அதை முறையியலில் ஒரு வரியாக எழுதுங்கள். கருவியாக எக்செல் போதும்: பேசியவரின் இலக்கம், வரி இலக்கம், துண்டு, குறியீடு, உங்கள் குறிப்பு என்று ஐந்து நிரல்கள். 12 நேர்காணல்களுக்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. மென்பொருள் துண்டுகளை அடுக்கித் தரும், யோசிக்காது.

கருப்பொருள். அதிகமானவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான், ஆகவே கொஞ்சம் நின்று பாருங்கள். குறியீடுகளைச் சேர்க்கும்போது "தொலைபேசித் தொடர்பு" என்று ஒரு தலைப்புப் போட்டு, தொலைபேசி பற்றி 12 பேரும் சொன்ன எல்லாவற்றையும் அதற்குள் போடுவது மிகச் சுலபம். அது ஒரு தலைப்பு மட்டுமே, இன்னும் கருப்பொருள் ஆகவில்லை. அதற்குள் அழைப்பை ஆவலோடு எதிர்பார்ப்பவரும் இருப்பார், அழைப்பே பிடிக்காதவரும் இருப்பார். தொலைபேசி என்ற பொருள் மட்டும்தான் அவர்களை இணைக்கிறது. கருப்பொருளுக்கு நடுவில் ஒரு கருத்து இருக்க வேண்டும், அதை ஒரு முழு வசனமாகச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "பெற்றோர், தங்கள் நோவைச் சொல்லாமல் இருப்பதைப் பிள்ளைகளுக்குச் செய்யும் கடமையாகப் பார்க்கிறார்கள்" என்பது அப்படியான ஒன்று. இதை ஒருவர் மறுக்கலாம், சோதித்துப் பார்க்கலாம். "தொலைபேசித் தொடர்பு" என்பதை மறுக்கவே முடியாது, ஏனென்றால் அது எதையும் சொல்லவில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை அடையாளம் உண்டு. உங்கள் கருப்பொருள்களின் பட்டியலை எடுத்து, நேர்காணலுக்குக் கொண்டுபோன கேள்விகளின் பக்கத்தில் வையுங்கள். "பொருளாதார ஆதரவு", "உடல்நலம்", "தொடர்பாடல்", "சமூக உறவு" என்று கருப்பொருள்களும் அதே வரிசையில் இருந்தால், நீங்கள் இன்னும் பகுப்பாய்வு செய்யவில்லை, கேள்விக்குக் கீழே விடையை அடுக்கியிருக்கிறீர்கள். இந்த ஆறு கட்ட முறையைத் தந்த பிரௌனும் கிளார்க்கும் பலமுறை குறைப்படுவது இதைப் பற்றித்தான். "கருப்பொருள்கள் வெளிப்பட்டன" என்று எழுதுவதையும் அவர்கள் 2006ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே மறுத்தார்கள். ஆய்வாளர் வரும்வரை கருப்பொருள் எழுத்துப்படிக்குள் ஒளிந்து காத்திருப்பதில்லை, அதை அமைப்பது நீங்கள். மூன்றாம் கட்டத்தை அன்று "கருப்பொருள்களைத் தேடல்" என்று அழைத்தவர்கள், பிற்காலத்தில் "ஆரம்பக் கருப்பொருள்களை உருவாக்கல்" என்று மாற்றிக்கொண்டதும் இதனால்தான்.

மீளாய்வு. "முழுத் தரவுத்தொகுதியுடனும் ஒப்பிட்டு" என்ற அந்த ஒரு சொற்றொடருக்குள் ஒன்றிரண்டு வார வேலை இருக்கிறது. நான் மேலே அமைத்த கருப்பொருளையே எடுத்துக்கொள்வோம். அதைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் திரும்ப வாசிக்கும்போது, இப்படி ஒருவர் வந்தால் என்ன செய்வீர்கள்?

> "எனக்கென்ன, கொழும்பிலை இருக்கிற மகளுக்கு எல்லாம் சொல்லுவன். சனிக்கிழமை ரெயின் ஏறி வந்திடுவாள். லண்டனிலை இருக்கிறவனுக்குச் சொல்லி என்ன, அவனுக்கு லீவு கிடைக்கோணுமே."

முதல் பார்வையில் இவர் உங்கள் கருப்பொருளை உடைக்கிறார். நோவை மறைக்கவில்லை, எல்லாம் சொல்கிறார். இந்தத் துண்டை வசதியாக மறந்துவிடலாம் என்று மனம் சொல்லும். மறக்க வேண்டாம், இதுதான் உங்களுக்குக் கிடைத்த சிறந்த துண்டு. இவர் மகளிடம் சொல்கிறார், மகனிடம் சொல்வதில்லை. வித்தியாசம் எங்கே? வந்து பார்க்கக்கூடியவரிடம் நோவு சொல்லப்படுகிறது, வர முடியாதவரிடம் சொல்லப்படுவதில்லை. இப்போது முதல் அம்மாவின் "அவையாலை என்ன செய்ய ஏலும்" என்ற வரிக்குத் திரும்புங்கள். அவரும் அதையேதான் சொல்லியிருக்கிறார், நாங்கள்தான் "நித்திரை" என்ற சொல்லில் நின்றுவிட்டோம். ஆகவே கருப்பொருள் திருந்துகிறது: "நோவைச் சொல்வதா விடுவதா என்பதை, கேட்பவரால் வர முடியுமா என்பது தீர்மானிக்கிறது." முதலில் இருந்ததைவிட இது கூர்மையானது, கொஞ்சம் ஒடுங்கியது, இரண்டு துண்டுகளையும் தாங்குகிறது. அடுத்து இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் மகளிடமும் எல்லாம் சொல்லும் ஒருவர் அவர்களில் இருந்தால், இதுவும் திருந்த வேண்டும்.

எத்தனை பேர் சொன்னால் அது கருப்பொருள் என்று நிச்சயம் கேட்பீர்கள். அப்படி ஒரு எண்ணிக்கை இல்லை. ஆனால் ஒருவரின் பேச்சில் மட்டுமே நிற்பதைக் கருப்பொருள் என்று நான் ஏற்கமாட்டேன். 12 நேர்காணலுக்கு ஒன்பது கருப்பொருள் வந்திருந்தால் பெரும்பாலானவை தலைப்புகளாகவே இருக்கும். மூன்று அல்லது நாலு, ஒவ்வொன்றுக்கும் சில பக்கம் எழுத விஷயம் உள்ளதாக இருந்தால் ஒரு முதுமாணி ஆய்வேட்டுக்கு நிறையக் காணும்.

கப்பா எண். κ என்பது ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த அளவு. இரண்டு பேர் ஒரே துண்டுகளைத் தனித்தனியே குறியிடும்போது, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்று அது காட்டும். 100 துண்டுகள், "நோவை மறைத்தல்" என்ற ஒரு குறியீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் "ஆம்" என்றது 10 துண்டில், இருவரும் "இல்லை" என்றது 80இல். முதலாமவர் மட்டும் "ஆம்" என்றது 6, இரண்டாமவர் மட்டும் 4. பார்த்தால் 90 வீதம் ஒத்துப்போகிறது. ஆனால் இருவருமே பெரும்பாலான துண்டுகளுக்கு "இல்லை" என்பவர்கள், முதலாமவர் மொத்தம் 16 துண்டுக்கும் இரண்டாமவர் 14 துண்டுக்கும்தான் "ஆம்" என்றார்கள். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் 0.16 × 0.14 + 0.84 × 0.86 = 0.7448, அதாவது 74 வீதத்துக்குக் கொஞ்சம் மேல் ஒத்துப்போகும்.

```
κ = (0.90 − 0.7448) / (1 − 0.7448) = 0.61
```

90 வீதம் என்று பெரிதாகத் தெரிந்தது 0.61 ஆகிறது. லாண்டிஸ், கோக் என்ற இருவர் 1977இல் முன்வைத்த, பரவலாகப் பயன்படும் அளவுகோலில் 0.61 முதல் 0.80 வரை "கணிசமான உடன்பாடு". கட்டுரையின் 0.78 அதற்குள் வருகிறது.

எண்ணில் பிழையில்லை. பிரச்சினை அது நிற்கும் இடத்தில்தான். இருவர் ஒத்துப்போக வேண்டும் என்றால், முதலிலேயே குறியீட்டுப் பட்டியலை எழுதி, ஒவ்வொன்றுக்கும் வரையறை கொடுத்து, இருவரையும் பயிற்றி, அதன்படி குறியிட வேண்டும். அப்படிச் செய்யும் ஒரு வகைக் கருப்பொருட் பகுப்பாய்வு உண்டு, அது மதிப்பான வழிதான். ஆனால் இந்தப் பத்தி, பட்டியல் இல்லாமல் தொடங்கினோம், உள்ளுறைப் பொருளையும் வாசித்தோம் என்று சொல்கிறது. உள்ளுறை வாசிப்பு, வாசிப்பவர் யார் என்பதோடு கட்டுண்டது. "நித்திரை" வரியில் நான் பார்த்ததை, வேறு வீட்டில் வளர்ந்த ஒருவர் வேறுமாதிரிப் பார்ப்பார். அந்த வேறுபாட்டை உட்கார்ந்து பேசினால் வாசிப்பு ஆழமாகும், எண்ணாக்கிக் குறைத்தால் ஒன்றும் ஆகாது. தங்கள் முறையை இப்போது "பிரதிபலிப்புக் கருப்பொருட் பகுப்பாய்வு" என்று அழைக்கும் பிரௌனும் கிளார்க்கும், அதில் இந்த வகை உடன்பாட்டு எண் பொருந்தாது என்று 2019லும் அதற்குப் பின்னும் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். அவர்களின் பெயரையும் கப்பாவையும் ஒரே பத்தியில் கண்டால், ஒத்துவராத இரண்டு வழிகளை எழுதியவர் கலந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். அச்சேறிய கட்டுரைகளிலும் இந்தக் கலப்பு நிறையவே இருக்கிறது.

மேற்பார்வையாளர் "கப்பா எங்கே?" என்று கேட்டால், இரண்டாவது வாசகர் ஒருவரோடு இரண்டு எழுத்துப்படிகளை உட்கார்ந்து பேசினோம், எந்த இடத்தில் வேறுபட்டோம், அதனால் எந்தக் குறியீடு மாறியது என்று எழுதிக் காட்டுங்கள். அதற்கு மேலும் எண் வேண்டும் என்று அவர் நின்றால், முறையையே மாற்றுங்கள்: பட்டியலோடு தொடங்குங்கள், பெயரையும் அதற்கேற்ப எழுதுங்கள். இரண்டிலும் தவறில்லை. ஒன்றின் பெயரைப் போட்டு மற்றதைச் செய்வதுதான் தவறு.

தரவு நிறைவு. இது 1967இல் கிளேசரும் ஸ்ட்ராஸும் எழுதிய வேறொரு முறையிலிருந்து வந்தது. அங்கே ஒருவரைப் பேட்டி காண்பதும், பகுப்பாய்வதும், அதைப் பார்த்து அடுத்தவரைத் தெரிவுசெய்வதும் ஒன்றாகவே நடக்கும். ஆகவே புதிதாக ஒன்றும் வரவில்லை என்று வழியிலேயே தெரியும். இந்தப் பத்தியிலோ, 18 நேர்காணலையும் எழுதி முடித்த பிறகுதான் குறியிடல் தொடங்கியது போல வாசிக்கிறது. அப்படியானால் 18ஆவதில் நிறைவு வந்தது என்று அன்றைக்கு எப்படித் தெரியும்? நீங்கள் 12இல் நிறுத்தியதற்கு உண்மையான காரணம் காலமாகவோ, அந்தப் பகுதியில் அணுகக்கூடியவர்கள் அவ்வளவுதான் என்பதாகவோ இருக்கலாம். அதை எழுதுங்கள். கூடவே, யாரைச் சேர்க்க முடியவில்லை என்பதையும் எழுதுங்கள். காது கேளாதவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், பிள்ளைகளோடு கதை அறுந்துபோனவர்கள் உங்கள் 12 பேரில் இல்லையென்றால், உங்கள் முடிவு அவர்களைப் பற்றிப் பேசாது.

இவ்வளவையும் வைத்து உங்கள் பத்தி ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: "யாழ்ப்பாண மாவட்டத்தில் தனியாக வாழும் 12 பெற்றோரிடம் அரைக்கட்டமைப்பு நேர்காணல் எடுத்தேன். ஒலிப்பதிவுகளைப் பேச்சு வழக்கு மாறாமல் தமிழில் எழுதி, தமிழிலேயே குறியிட்டேன். முன்பட்டியல் இன்றித் தொடங்கினேன். சொன்னதையும், சொன்னதற்குப் பின்னால் இருப்பதாக நான் வாசித்ததையும் தனித்தனியே குறித்தேன். உத்தேசக் கருப்பொருள்களை, அவற்றுக்கு எதிரான துண்டுகளைத் தேடி, எல்லா எழுத்துப்படிகளோடும் ஒப்பிட்டுத் திருத்தினேன். இரண்டு எழுத்துப்படிகளை இன்னொரு வாசகருடன் கலந்துரையாடினேன்." செய்யாத எதையும் சேர்க்க வேண்டாம்.

மேற்கோள்களுக்குக் கீழே பேசியவரைப் பற்றி என்ன போடுவது என்பதில் கவனமாக இருங்கள். "பெண், 74, ஓய்வுபெற்ற அதிபர், மூன்று பிள்ளைகள் டொரன்டோவில்" என்று எழுதினால், பெயர் இல்லாவிட்டாலும் அந்த ஊரில் யார் என்று உடனே தெரிந்துவிடும். உங்கள் ஆய்வேட்டை அவருடைய பிள்ளையே இணையத்தில் வாசிக்கலாம். அம்மா ஒளித்துவைத்த முழங்கால் நோவு அப்படித் தெரியவரக் கூடாது. "பங்கேற்பாளர் 4, எழுபதுகளில்" என்பது போதும். ஊர்ப் பெயர், தொழில், பிள்ளைகள் இருக்கும் நகரம் மூன்றையும் எடுத்துவிடுங்கள். எடுத்ததையும் முறையியலில் ஒரு வரியாகச் சொல்லுங்கள்.